யூரியா குறையாத போத்தல்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் இன்னும் போகாமல் இருந்த காலம். மன்னார்த் தீவின் கரையோரத்தில் காய்ச்சல் பரவியதால் சுகாதாரப் பகுதியார் இரண்டு அறை வீடொன்றை வாடகைக்கு எடுத்து, அதை ஆய்வுகூடம் ஆக்கினார்கள். அதில் உதவியாளனாக நான் சேர்ந்தேன். வயது இருபத்து மூன்று. கொழும்பில் எட்டு மாதம் படித்த படிப்பு, வெள்ளைக் கோட்டு ஒன்று, தலைக்கனம் ஒரு மூட்டை. வேலை நிரந்தரமாகவில்லை. டொக்டர் நல்லபடி எழுதினால்தான் ஆகும்.

டொக்டர் கண்டிப்பான மனுசன். கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார், தாழ்த்துவார். அதுதான் பயம். நுண்ணுயிர்ச் சஞ்சிகைகளைக் கப்பலில் வரவழைத்து, பக்கம் பக்கமாகக் கோடு போட்டு வைத்திருப்பார். புதிதாக வந்திருந்த யூரியாச் சோதனையை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அவர்தான்.

மீன்பிடிக் காலத்தில் கடற்கரையில் ஓலைக் கொட்டில் போட்டுத் தங்கும் இடத்தை வாடி என்போம். ஓலைத்தொடுவாய்ப் பக்கத்து வாடி ஒன்றில் ஆறு பேருக்கு ஒரே கிழமைக்குள் காய்ச்சல். அவர்களின் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினோம். பரடைபாயிட் என்ற குடற்காய்ச்சல் என்று பதில் வந்தது. ஆறு பேரும் காலையில் ஒரே கடையில் அப்பம் தின்றவர்கள். அந்தக் கடை ஒரு முஸ்லிம் பெண்ணுடையது. புருசன் கடலில் மாண்டுபோனபிறகு தனியாக அடுப்பு மூட்டிப் பிழைத்தவர். எல்லோரும் அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களைப்போல் கிறிஸ்தவ வேதக்காரர், இஸ்லாமானவர் என்ற பேதமில்லாமல் விடியற்காலையில் அவர் கடை வாசலில் ஆட்கள் குந்தியிருப்பார்கள். நானும் குந்தியிருக்கிறேன். ஓரம் முறுகி, நடுவில் பால் தளும்பும் அப்பம். அதைப் பற்றி எழுதினால் எனக்கு இன்றைக்கும் வயிறு கேட்கும்.

காய்ச்சல்கிருமியைத் தாங்கிக்கொண்டு, தான் மட்டும் நோயில்லாமல் திரியும் ஆட்கள் உண்டு. அப்படி ஒருவர் கையால் சமைத்தால் ஊரே படுக்கும். அதனால் டொக்டர் அந்தக் கரையில் சமைக்கும் எல்லோரின் மலத்தையும் சோதிக்கச் சொன்னார். ராத்தா வெட்கத்தில் முக்காட்டை இழுத்துக்கொண்டு, தகரப் பேணியை என் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஒவ்வொன்றிலும் துளி எடுத்து, அகார் என்ற கடற்பாசிக் கூழ் ஊற்றிய தட்டுகளில் தடவி வளர்த்தேன். மற்றவர்களின் தட்டுகளில் இளஞ்சிவப்புப் புள்ளிகள்தான் வந்தன. பால்ச்சீனியைத் தின்னும் சாதாரணக் குடற்கிருமி அந்த நிறத்தில்தான் வளரும். ராத்தாவின் தட்டில் மாத்திரம் நிறமில்லாத புள்ளிகள் நிறைய. பால்ச்சீனியைத் தொடாத கிருமி. காய்ச்சல்கிருமியும் அப்படித்தான். ஆனால் அப்படி இருப்பதெல்லாம் காய்ச்சல்கிருமி அல்ல. இங்கேதான் குழாய்களின் வேலை தொடங்குகிறது.

கிருமியை முகம் பார்த்துப் பிடிக்க ஏலாது. நுணுக்குக்காட்டியில் எல்லாம் ஒரேமாதிரிக் குச்சிகள். அவன் என்ன தின்கிறான், தின்றபின் என்ன மிச்சம் வைக்கிறான் என்று பார்த்துத்தான் பிடிக்கவேண்டும். பெப்டோன் நீரில் வளரவிட்டு, அதிலுள்ள திரிப்தோபனை உடைத்து இந்தோல் என்ற பொருளை மிச்சம் வைக்கிறானா என்று ஒரு மருந்தை விட்டுப் பார்ப்போம். வைத்திருந்தால் மேலே சிவப்பு வளையம் கட்டும். இன்னொரு குழாயில் சாப்பாடென்று சித்திரேற்று என்ற உப்பைத் தவிர வேறொன்றும் இராது. அதை மட்டும் தின்று பிழைக்கத் தெரிந்தவன் வளர்ந்து, பச்சைக் குழாயை நீலமாக்குவான். தெரியாதவன் பட்டினி. யூரியாக் குழாயில், யூரியாவை உடைக்கத் தெரிந்தவன் அமோனியாவை விடுவான். அமோனியா காரம், அதனால் மஞ்சள் குழாய் ரோஜா நிறமாகும்.

ஒரு சோதனை தனியே ஒன்றும் சொல்லாது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஆளைப் பிடிக்கவேண்டும். பரடைபாயிட்டில் ஒரு வகை இருக்கிறது. இந்தோல் இல்லை, சித்திரேற்றில் வளரும், குளுக்கோசில் வாயு விடும், யூரியாவைத் தொடாது. புரோட்டியஸ் என்று இன்னொருத்தன் இருக்கிறான். மனுசக் குடலில் சும்மா குடியிருப்பவன், காய்ச்சலுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. அவனில் ஒரு வகைக்கும் இந்தோல் இல்லை, சித்திரேற்றில் வளர்வான், வாயுவும் விடுவான். ஆனால் யூரியாவைக் கண்டால் விடமாட்டான், மூன்று நான்கு மணித்தியாலத்தில் குழாயைச் சிவக்கவைப்பான். இரண்டு பேரையும் பிரிக்க உதவும் வேறு சீனி மருந்துகள் யுத்தத்தோடு வராமல் நின்றுபோயிருந்தன. எங்களிடம் இருந்த ஒரே சாட்சி யூரியாக் குழாய்.

ராத்தாவின் கிருமிக்கு இந்தோல் வளையம் கட்டவில்லை. சித்திரேற்றுக் குழாய் நீலமானது. வாயு வந்தது. யூரியாக் குழாய் மஞ்சளாகவே நின்றது. மறுநாளும் மஞ்சள்.

இடையில் ஒருநாள் ராத்தா வந்து கதவுக்கு வெளியே நின்றார். நான் ஒரு வளர்ப்பின்மேல் ஐதரசன் பெரொக்சைட்டு ஒரு துளி விட்டுக்கொண்டிருந்தேன். அது நுரைத்தது.

“தம்பி, அது என்ர சாமானோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“நுரைக்குதே. அப்ப இருக்குதோ அந்தக் காய்ச்சல்?”

அந்த நுரைக்குக் காரணம் கத்தலேசு என்ற நொதி. குடற்கிருமிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது உண்டு. நல்லவனும் நுரைப்பான், கெட்டவனும் நுரைப்பான். இந்தக் குடும்பத்துக்குள் ஒருவனை மற்றவனிடமிருந்து பிரிக்க அது உதவாது, வேறு குடும்பத்துக் கிருமி கலந்துவிட்டதா என்று பார்க்கத்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். நான் என்ன செய்தேன்? “முடிவு டொக்டர் சொல்லுவார், போங்கோ” என்று முகத்தைத் திருப்பினேன். பெரிய விஞ்ஞானி! ராத்தா அந்த நுரையைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

நான் கவனித்திருக்கவேண்டிய வேறு இரண்டு விசயங்கள் இருந்தன. அந்தக் கிருமியைச் சாதாரண அகார்த் தட்டில் போட்டபோது புள்ளியாக நிற்காமல் அலை அலையாகப் படர்ந்தது. புரோட்டியஸ்தான் அப்படி ஓடுவான். வெயிலுக்குத் தட்டு வியர்த்துவிட்டது என்று நினைத்தேன். குழாயைத் திறந்தால் மீன் வாடை அடித்தது. அதுவும் அவனுடைய வாடைதான். ஆனால் வெளியே பத்துப் பாய் கருவாடு காய்கிற ஊரில் மீன் வாடையை யார் கணக்கெடுப்பார்? சன்னலைச் சாத்தினேன், அவ்வளவுதான்.

டொக்டரிடம் கொண்டுபோய் அடுக்கினேன். ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். யூரியாக் குழாயை இரண்டு தரம் பார்த்தார்.

“கொன்ட்ரோல் வைச்சனீரோ?”

அவர் கேட்டது இதைத்தான். ஒவ்வொரு தொகுதி யூரியாக் குழாய் செய்யும்போதும், புரோட்டியஸ் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை அதில் ஒரு குழாயில் போட்டுப் பார்க்கவேண்டும். அது சிவந்தால்தான், மற்றது சிவக்கவில்லை என்பதற்குப் பெறுமதி. அந்தத் தெரிந்த புரோட்டியஸ் ஒரு போத்தலில் அலுமாரிக்குள் இருந்தது. நான் போடவில்லை. போன தொகுதி சிவந்தது, அதற்கு முந்தினதும் சிவந்தது, பிறகென்ன என்ற எண்ணம்.

“ஓம் டொக்டர்,” என்றேன். “சிவந்தது.”

ஏன் சொன்னேன்? பயம். வேறு காரணம் தேடிப் பிரயோசனமில்லை.

டொக்டர் வளர்ப்பைக் கொழும்புக்கு அனுப்பச் சொன்னார். இறுதி முடிவு அங்கேயுள்ள எதிர்ச்சீரத்தால்தான், காய்ச்சல்கிருமி என்றால் அந்தச் சீரத்தோடு சேர்ந்து திரளும். ஆனால் அதுவரை கடை திறந்திருக்க விடமுடியாது என்றார். சுகாதார இன்ஸ்பெக்டர் போய்க் கடைக் கதவில் அறிவித்தலை ஆணியடித்தார். ராத்தாவை, காய்ச்சல்காரர் கிடந்த கொட்டிலுக்குப் பக்கத்துத் தனிக் கொட்டிலில் இருத்தினார்கள். இன்ஸ்பெக்டர் திரும்பிவந்து என் முதுகில் தட்டினார்.

“எங்கட விஞ்ஞானி ஆளைப் பிடிச்சிட்டார். கொழும்புக்காரர் இனி உம்மட்டத்தான் வந்து படிக்கவேணும்.”

சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறையவேண்டும்போல் இருக்கிறது.

நான்காம் நாள், புதிய தொகுதி செய்வதற்காக ஐஸ்பெட்டியைத் திறந்தேன். பின்பக்கத்தில் ஒரு போத்தல். கழுத்தில் பஞ்சு அடைத்து, காகிதம் கட்டி, என் கையெழுத்தில் யூரியா என்று எழுதியிருந்தது. நிறைய இருந்தது. அது குறைந்திருக்க வேண்டிய போத்தல்.

யூரியாவை மற்றதோடு சேர்த்து அவிக்கக்கூடாது. சூட்டில் உடைந்து, கிருமி போடுமுன்பே குழாய் சிவந்துவிடும். அதனால் அகாரைத் தனியே அவித்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, கிருமி போகாத வடிகட்டியால் வடித்த யூரியாவைக் கடைசியில் சேர்க்கவேண்டும். பிறகு உடனே குழாய்களில் வார்த்துச் சரித்து வைக்கவேண்டும். அந்தத் தொகுதியை வார்த்த நாள் எனக்கு அப்படியே நினைவு வந்தது. அகார்க் குடுவையைக் கையில் தூக்கினேன், கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. எங்கள் கத்தோலிக்க ஆட்கள் அந்த மணிக்கு வலையை இழுத்துக்கொண்டிருந்தாலும் நின்று திரிகாலச் செபம் சொல்வார்கள். நானும் குடுவையை வைத்துவிட்டு, சிலுவை போட்டு, நின்று செபம் சொன்னேன். முடித்துத் திரும்பினால் அகார் ஓரத்தில் உறையத் தொடங்கியிருந்தது. ஐயோ உறையப்போகிறதே என்று பதறி, நேரே குழாய்களில் வார்த்தேன். யூரியா ஐஸ்பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது.

செபத்தில் பிழையில்லை. கொன்ட்ரோல் வைத்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். யூரியா போட்ட அகாரும் மஞ்சள், போடாத அகாரும் மஞ்சள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. எந்தக் கிருமியைப் போட்டாலும் அந்தக் குழாய்கள் ‘இல்லை’ என்றுதான் சொல்லும். உடைக்க ஒன்றும் இல்லாத இடத்தில் யார் எதை உடைப்பது?

அன்று காலையிலேயே புதிய குழாய்கள் செய்தேன். இந்தமுறை யூரியா போட்டேன், போட்டபின் போத்தல் குறைந்ததை இரண்டு தரம் பார்த்தேன். ஒரு குழாயில் அலுமாரிப் புரோட்டியஸ். ஒரு குழாயில் ராத்தாவுடையது. ஒரு குழாயில் சாதாரணக் குடற்கிருமி, சிவக்கக்கூடாதது. மத்தியானம் சோறு தின்னப் போய்வந்து பார்த்தேன். முதல் இரண்டும் நல்ல ரோஜா. மூன்றாவது மஞ்சள்.

ராத்தா சுத்தம்.

அந்த நிமிடமே நான் டொக்டரின் கந்தோர்க் கட்டடத்துக்கு ஓடியிருக்கவேண்டும். எழுபது யார்த் தூரம். வாசல்வரை போனேன். உள்ளே அவர் தாழ்ந்த குரலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கொன்ட்ரோல் சிவந்தது என்று நான் பொய் சொல்லியிருந்தேன். குழாய் பிழையாகிவிட்டது என்றால் மன்னிப்பார். பொய் சொன்னது என்றால் வேலை போகும். பிறகு ஒரு எண்ணம் வந்தது. நல்ல எண்ணம்போல வந்தது. கொழும்பிலிருந்து எப்படியும் பதில் வரும். அவர்கள் பரடைபாயிட் அல்ல என்று எழுதுவார்கள். ராத்தாவை விடுவார்கள். நான் வாயைத் திறக்கவே தேவையில்லை. இன்னும் நாலைந்து நாள்தானே!

நாலைந்து அல்ல, ஒன்பது நாள். தலைமன்னார் றயில் வரும்போதெல்லாம் தபால் பையைப் பார்க்கப் போனேன். ஒன்பது நாளும் ராத்தா கொட்டிலில் இருந்தார். ஒன்பது நாளும் கடைக் கதவில் அந்த அறிவித்தல் இருந்தது. வாசிக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்கு வாசித்துக் காட்டினான். கரை முழுக்கக் கதை போய்விட்டது. அப்பக்காரியின் கையில் காய்ச்சல் என்றார்கள். கடைப் பக்கத்துக் கிணற்றில் அள்ளக்கூடப் பயந்தார்கள்.

பதில் வந்தது. எதிர்ச்சீரத்தோடு சேரவில்லை, இது புரோட்டியஸ், உங்கள் யூரியா ஊடகத்தைச் சரிபார்க்கவும் என்று இரண்டு வரி. டொக்டர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

“யூரியா பழுதாப் போச்சோ?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அப்பிடித்தான் இருக்கும் டொக்டர்.”

“கொன்ட்ரோல் சிவந்ததெண்டனீர்.”

“கொஞ்சம் சிவந்தது. நான்தான் போதுமெண்டு நினைச்சிட்டன்.”

காகிதத்தை மடித்து வைத்தார். பிறகு, “அந்த மனுசியை உடனே விடச்சொல்லும்,” என்றார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். ஆனாலும் என்னைப் பற்றி நல்லபடிதான் எழுதினார்.

இன்ஸ்பெக்டர் அறிவித்தலைக் கிழித்தெடுத்தார். ஆணி மட்டும் கதவில் நின்றது. ராத்தா அடுப்பு மூட்டினார். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. கண் காணாத ஒரு கிருமி இல்லை என்று கொழும்பு எழுதியதை வாடிக்காரர் எப்படி நம்புவார்கள்? அவர்கள் கண்டது கதவில் அடித்த அறிவித்தலை.

மூன்றாம் நாள் காலையில் ராத்தா ஆய்வுகூடத்துக்கு வந்தார். கையில் மூடிபோட்ட பனையோலைப் பெட்டி. கதவுக்கு வெளியேதான் நின்றார்.

“தம்பி, நீங்கதான் திருப்பிப் பார்த்து என்னை விடப் பண்ணினீங்களாம். இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னவர். அல்லாஹ் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான்.”

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். அப்போதும் சொல்லவில்லை.

“பத்து அப்பம் கொண்டந்தனான். நீங்க சாப்பிடவேணும். நாளைக்கு விடிய ஒருக்காக் கடைக்கும் வாங்கோ. எல்லாரும் பார்க்க இருந்து ரெண்டு அப்பம் தின்னுங்கோ. சோதிச்ச ஆளே தின்னுறார் எண்டா அவங்கள் வருவாங்கள். வேற ஒண்டும் வேணாம்.”

“வாறன் ராத்தா. இதைப் பிறகு சாப்பிடுறன், கையில வேலை.”

அவர் பெட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போனார். நான் உள்ளே எடுத்துவந்து திறந்தேன். முறுகின ஓரம், நடுவில் பால். மணம் அறை முழுக்க நிறைந்தது. கையை நீட்டினேன். கை போகவில்லை.

இதை எழுத எனக்கு வெட்கம். அந்தக் கையில் காய்ச்சல் இல்லை என்று அந்தத் தீவிலேயே எல்லோருக்கும் முதல் நிச்சயமாகத் தெரிந்த ஆள் நான்தான். ரோஜாக் குழாயை என் கண்ணால் பார்த்தவன். என்றாலும் அந்தத் தகரப் பேணியும், தட்டில் படர்ந்த அந்தப் படையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. பரடைபாயிட் சந்தேகம் என்று பதிவுக் கொப்பியில் எழுதியது நான். நான் எழுதிய பொய்க்கு நானே பயந்தேன். பெட்டியைப் பின்பக்கம் கொண்டுபோய், ஆய்வுகூடக் கழிவை எரிக்கும் சூளைக்குப் பக்கத்துக் குப்பையில் கவிழ்த்தேன்.

மன்னாரில் கழுதைகள் கட்டாமல் திரியும். எங்கிருந்தோ ஒன்று வந்தது. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், அது அப்பத்தைத் தின்னத் தொடங்கியது. நான் வெறும் பெட்டியோடு பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பினால், வேலி ஓரத்தில் ராத்தா.

பெட்டியைத் திருப்பி வாங்க மறந்து போனதால் திரும்பி வந்திருக்கிறார். என்னைப் பார்த்தார், கழுதையைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகம்.

“பெட்டியைத் தாங்கோ தம்பி,” என்றார். கொடுத்தேன். வாங்கி, உள்ளே பார்த்து, ஒட்டியிருந்த ஓரத் துண்டை விரலால் தட்டிவிட்டார்.

“நாளைக்குக் கடைக்கு வரவேணாம்.”

“ராத்தா, நான்...”

“கழுதைக்குப் பயமில்லை தம்பி. உங்களுக்கு இருக்குது. படிச்ச உங்களுக்கே இருக்கேக்குள்ள, அவங்கள நான் என்னெண்டு குறை சொல்லுறது?”

அடுத்த கிழமை அவர் அடுப்புச் சட்டிகளை விற்றுவிட்டு, புத்தளத்துச் சொந்தக்காரரிடம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். மழை வந்தது, காய்ச்சல் நின்றது. அது எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. என் வேலை நிரந்தரமானது.

முப்பத்தைந்து வருடம் அதே தொழில் செய்தேன். பிறகு புதிய சோதனைகள் வந்தன. ஒட்சிடேசுக் காகிதத்தில் ஊதா வந்தால் இந்தக் குடற்கிருமிக் குடும்பமே அல்ல என்று ஒரு நிமிடத்தில் தள்ளிவைக்கலாம். எல்லாவற்றையும் செய்தேன். கொன்ட்ரோல் இல்லாமல் ஒரு குழாய்கூட என் கையை விட்டுப் போகவில்லை. என்னை மிகக் கவனமான ஆள் என்று பாராட்டுவார்கள்.

புத்தளம் மன்னாரிலிருந்து அவ்வளவு தூரமில்லை. பிற்காலத்தில் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலைகூடப் பார்த்தேன். காலையில் தெருவோரக் கடைகளில் அப்பம் சுடுவார்கள். எந்தக் கடையிலும் நான் ஏறவில்லை. அடுப்படியில் இருப்பது அவராக இருந்துவிட்டால் தின்னவேண்டி வரும், தின்னுமுன் சொல்லவேண்டி வரும்.